துணி பிரிக்க நாளை காலை ஆள் வேண்டும்

வெள்ள நிவாரணத் துணி மண்டபத்தில் குவிந்துவிட்டது. காலை 9 மணிக்குப் பத்துப் பேர் வந்தால் மதியத்துக்குள் வண்டி ஏற்றிவிடலாம். வருகிறவர்கள் மார்க்கர், சணல், கோணி ஊசி, காலி அரிசிச் சாக்கு கொண்டுவாருங்கள்.

முதலில் ஈரம் பார்க்க வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டுச் சில்லென்று இருந்தாலோ புழுங்கல் வாடை அடித்தாலோ தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு ஈரத் துண்டு போதும், மூட்டை முழுக்கப் பூஞ்சை பிடிக்க. உள்ளாடை, புதிது மட்டும்.

குழந்தைத் துணியில் லேபிள் வயதை நம்பாதீர்கள், துவைத்துச் சுருங்கியிருக்கும். அதே வயதுக்கான புதுச் சட்டை ஒன்றை மேலே விரித்து ஒப்பிட்டுப் பிரியுங்கள்.

பெரிய தலைவலி சேலைதான். உள்பாவாடையும் ஜாக்கெட்டும் இல்லாமல் கட்ட முடியாது; ஒருவர் தைத்த ஜாக்கெட் இன்னொருவருக்குச் சேருவதும் அபூர்வம். அதனால் நைட்டியை முதலில் மூட்டை கட்டுங்கள். சேலையோடு நாடா வைத்த உள்பாவாடையைச் சேர்த்து மடியுங்கள், அது எந்த இடுப்புக்கும் பொருந்தும்.

சாக்கில் 'பெண்கள் துணி' என்று மட்டும் எழுதினால் அங்கே போய்க் கொட்டித் தேடுவார்கள். 'பெண் – நைட்டி – எக்ஸ்எல் – 25' என்று இரண்டு பக்கமும் எழுதவும்.

தையல் தெரிந்தவர் யாராவது வந்தால் ஜாக்கெட் மேசையை அவரிடமே விட்டுவிடலாம்.