ஜம்பைக் கல்வெட்டுக்கு எந்த நூற்றாண்டு போடுவது?

ஆய்வுமாணவி: அதியமான் அஞ்சியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். புறநானூறு 87ஐயும் ஜம்பைக் கல்வெட்டையும் காட்டி, கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று போட்டிருந்தேன். "எந்தப் பதிப்பு? காலம் யார் சொன்னது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதைத் திருத்துவது?

பழஞ்சுவடி: முதலில் 87ஐ இன்னொரு முறை படியுங்கள். நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் வருகிறான்; அஞ்சியின் பெயர் வரவில்லை. ஔவையார் அவனைப் பாடினார் என்று சொல்வது பாட்டின் கீழே உள்ள கொளு என்ற குறிப்பு. அது பிற்காலத்தில் சேர்ந்தது. 91 அப்படியல்ல: 'அதியர் கோமான்', 'பொலந்தார் அஞ்சி' இரண்டும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்:

```
Puṟanāṉūṟu 91.3–4
Puṟanāṉūṟu 87, colophon
```

அடி எண் தமிழ்ப் பதிப்பின் எண்ணாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பில் வரிகள் இடம் மாறிவிடும். அப்புறம், உ.வே.சா. பதிப்பு என்றால் 1894 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டும் வேண்டும், நீங்கள் தரும் பக்க எண் அதில் உள்ளதுதானே.

மெய்க்கீர்த்தி: காலத்தில் என்ன தப்பு? அசோகனின் 2ஆம் பாறைச் சாசனத்தில் சத்தியபுத்திரர் வருகிறார்கள். ஜம்பையில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று வெட்டியிருக்கிறது. கி.மு. 3 சரிதான்.

பழஞ்சுவடி: அது குலப்பெயர் ஐயா. சோழர் பெயரும் அதே சாசனத்தில் இருக்கிறது. அதை வைத்து ராஜராஜனை அசோகன் காலத்துக்குத் தள்ளுவீர்களா? ஐராவதம் மகாதேவன் 2003 நூலில் எழுத்தமைதியை வைத்து ஜம்பைக்குக் கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்கிறார்.

மெய்க்கீர்த்தி: ராஜராஜன் உவமை பொருந்தாது. இங்கே பெயரின் பிராகிருத வடிவம்கூட அசோகன் சாசனத்தில் உள்ளதுதான். எழுத்தமைதி மட்டும் வேதவாக்கா?

சோழநாட்டான்: இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? கல்வெட்டிலேயே ஆட்சியாண்டு இருக்குமே. நான் ராஜராஜனின் 29ஆம் ஆண்டை 985இலிருந்து எண்ணி 1013-14 என்று போட்டேன், யாரும் கேள்வி கேட்கவில்லை.

பழஞ்சுவடி: ஜம்பையில் இருப்பது ஒரே வரி, அஞ்சி கொடுத்த பாளி, அதாவது உறைவிடம் என்று. ஆட்சியாண்டு கிடையாது. எழுத்தமைதி வேதவாக்கு இல்லைதான்; அதனால்தான் 'சுமார்' என்று போட்டு, யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்றும் எழுதச் சொல்கிறேன். மெய்க்கீர்த்தி சொல்வதையும் மாற்றுக் கருத்தாகத் தரலாம். அசோகனை வைத்துக் கல்வெட்டுக்கும், கல்வெட்டை வைத்துப் பாட்டுக்கும் காலம் சொல்லிவிட்டு, அதே பாட்டைக் கல்வெட்டுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால்தான் வம்பு. சங்க காலம் என்று சும்மா எழுதினாலும் விட மாட்டார்கள். ஆய்வாளர் டீக்கன் 2001இல் இந்தப் பாடல்களைக் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டு வரை இறக்கினார். பலர் ஏற்கவில்லை, ஆனாலும் கேள்வி வரும்.

ஆய்வுமாணவி: சரி, 91ஐ முன்னால் வைக்கிறேன். மொழிபெயர்ப்பு ஹார்ட்–ஹைஃபெட்ஸ், 1999. அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பழஞ்சுவடி: மாற்றினேன் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொல் அவர்கள் தலையில் விழும்.

மெய்க்கீர்த்தி: கி.மு.வை நான் விடுவதாக இல்லை.