எச்.ஆர். ஜெனரலிஸ்ட் இன்டர்வியூ: "ஓ.டி. சம்பளம் குறைவு" என்று புகார் வந்தால் என்ன பதில் சொல்வது? அவசரம்

மலர்_எச்ஆர்
நாளை மறுநாள் இரண்டாவது ரவுண்டு. முதல் ரவுண்டில் கேட்டது: "ஒரு ஆபரேட்டர் வந்து ஓ.டி. சம்பளம் குறைவாக ஏறியிருக்கிறது என்கிறார். என்ன செய்வீர்கள்?" பொறுமையாகக் கேட்பேன், மேனேஜரிடம் எடுத்துச் செல்வேன் என்றேன். "அப்புறம்?" என்றார்கள். எனக்கு வார்த்தையே வரவில்லை. அடுத்த ரவுண்டிலும் இதைத்தான் கேட்பார்களாம். கூடவே 60 பேரை மூன்று வாரத்தில் எடுப்பது எப்படி என்றும் கேள்வி உண்டு. சரியான பதில் சொல்லுங்கள் ப்ளீஸ்.

தறிநாடா
தொழிற்சாலையா, கடையா, ஐ.டி. கம்பெனியா? எத்தனை தொழிலாளர்கள்? இது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ரவி_87
மேடம், விடாதீர்கள். சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகப் போனால் அலையவிடுவார்கள்.

தறிநாடா
ரவி சார், அவர் புகார் கொடுப்பவர் இல்லை, புகாரை வாங்குகிற பக்கம். இன்டர்வியூ கேள்வி.

சட்டப்புலி
தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 59. நாளுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டைச் சம்பளம். ஒரு வரி பதில். இதைக்கூடப் படிக்காமல் ஜெனரலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். முதலில் சட்டப் புத்தகத்தைத் திறங்கள், பிறகு இங்கே வாருங்கள்.

மலர்_எச்ஆர்
தொழிற்சாலைதான், 300 பேர் இருக்கும். ஒரு தாளில் கணக்கும் கொடுத்தார்கள், எழுத மறந்துவிட்டேன்: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, மற்ற படிகள் 5,200, மொத்தம் 18,200. ஓ.டி. 24 மணி நேரம். வந்த தொகை 3,000. இரட்டிப்பாகத்தானே போட்டிருக்கிறார்கள்?

செல்வி_பேரோல்
கேள்வியின் முடிச்சு இந்தத் தாளில்தான் இருக்கிறது. சட்டப்புலி சார் சொன்ன இரட்டிப்பு சரி. எதன் இரட்டிப்பு என்பதில்தான் சண்டையே வரும்.

கம்பெனி போட்ட கணக்கு: 13,000-ஐ 26 நாளால் வகுத்தால் 500. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 62.50. இரட்டிப்பு 125. 24 மணி நேரத்துக்கு 3,000. மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டால் 18,200-க்கு நாளுக்கு 700, மணிக்கு 87.50, இரட்டிப்பு 175, ஆக 4,200. வித்தியாசம் 1,200. ஆபரேட்டர் குறைவு என்று சொல்வது இந்த 1,200-ஆக இருக்கலாம்.

பிரிவு 59 அடிப்படைச் சம்பளத்தோடு அவருக்கு உரிய படிகளையும் சேர்க்கச் சொல்கிறது, போனஸும் ஓ.டி.யும் மட்டும் சேராது. அதன்படி 3,000 குறைவு.

சட்டப்புலி
நானும் அதைத்தான் சொன்னேன்.

தறிநாடா
பழைய சட்டத்திலேயே நிற்கிறீர்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் 'ஊதியம்' என்பதன் வரையறையே வேறு. வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் அதில் சேராது. அப்படி விலக்கப்படுகிறவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தோடு சேரும். இங்கே 5,200 பாதியைத் தாண்டவில்லை. ஆக கம்பெனி கொடுத்த 3,000 சரி.

செல்வி_பேரோல்
அந்த 5,200 முழுக்க வாடகைப் படியும் பயணப் படியுமாக இருந்தால் சரி. 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று போட்டிருந்தால் அது விலக்குப் பட்டியலிலேயே இல்லை, அப்போது 4,200 வரும். மலர், இன்டர்வியூவில் நீங்கள் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது இதைத்தான்: "அந்த 5,200 என்னென்ன படிகள்? ஓ.டி. எந்த மாதத்துடையது?" நவம்பர் 21-க்கு முந்தைய மணி நேரங்களுக்குப் பழைய கணக்கு.

சட்டப்புலி
மாநில விதிகள் வராமல் தொகுப்பை எப்படி அமல்படுத்துவீர்கள்? அதுவரை பழைய முறைதான்.

தறிநாடா
வரையறை தொகுப்பிலேயே இருக்கிறது, விதியில் இல்லை. விதிக்காக அது ஏன் காத்திருக்க வேண்டும்?

சட்டப்புலி
கோர்ட்டில் சொல்லிப் பாருங்கள்.

மணி_ஆலை
நீங்கள் இருவரும் தனி இழையில் போங்கள். மலர் கேட்டது "அப்புறம்?" என்பதற்குப் பதில். அதற்கு வருகிறேன்.

புகாரை அன்றே எழுத்தில் வாங்குங்கள்: எந்த மாதம், எந்தத் தேதிகள், எத்தனை மணி நேரம். பிறகு மூன்று காகிதங்களை ஒன்றுக்கு எதிரே ஒன்று வையுங்கள்: பஞ்சிங் பதிவு, சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஓ.டி. அனுமதிச் சீட்டு, பேரோல் கணக்கு. பஞ்சிங்கில் 24 மணி நேரம், சீட்டில் 18 என்றால் தவறு சூப்பர்வைசரிடம். சீட்டிலும் 24, பேரோலில் 18 என்றால் பதிவேற்றியவரிடம். மூன்றிலும் 24 இருந்து தொகை மட்டும் குறைந்தால் கணக்கு முறையே தப்பு. இதில் கடைசி வகைதான் ஆபத்து. அது ஒருவருடைய புகார் இல்லை, அதே முறையில் சம்பளம் வாங்கும் 300 பேருக்கும் நிலுவை. புகார் கொடுத்தவருக்கு மட்டும் 1,200 போட்டு அடக்கினால் அடுத்த வாரம் வாசலில் கூட்டம் நிற்கும்.

விசாரிக்கச் சொல்லி அந்த சூப்பர்வைசரிடமே அனுப்பாதீர்கள். சீட்டில் கையெழுத்து போட்டவர் அவர்.

20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். இரு தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மிகாமல், பெண்களுக்கு உரிய இடத்தோடு. விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் குழு முடிக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் தொழிலாளி சங்கத்தின் மூலம் 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம். இந்த நாட்களைச் சொன்னால் "அப்புறம்?" வராது.

கனி
ஆபரேட்டருக்குச் சரி. புகார் கொடுப்பவர் மேற்பார்வை வேலையில் இருந்து 18,000-க்கு மேல் ஊதியம் வாங்கினால் தொழிலுறவுத் தொகுப்பில் 'தொழிலாளி' ஆகமாட்டார். இதைத் துணைக் கேள்வியாகக் கேட்பார்கள்.

மலர்_எச்ஆர்
நன்றி நன்றி. 60 பேர் கேள்விக்கு? வாட்ஸ்அப்பில் விளம்பரம், ஐ.டி.ஐ. கேம்பஸ், கன்சல்டன்சி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மணி_ஆலை
அது ஆள் வரும் வழி, பதில் இல்லை. பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 60 பேர் வேலையில் சேர வேண்டும். ஆஃபர் வாங்கியவர்களில் கால்வாசி வரமாட்டார்கள் என்று வைத்தால் 80 ஆஃபர். தேர்வில் பாதிப்பேர் தேறினால் 160 பேர் நேரில் வர வேண்டும். அழைத்தவர்களில் 40 சதவீதம் வந்தால் 400 பேரை அழைக்க வேண்டும். விகிதங்கள் உதாரணத்துக்குத்தான், "உங்கள் கடைசி டிரைவில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்று அவர்களிடமே கேளுங்கள்.

160 பேரை ஒரே நாளில் வரவழைத்தால் மதியத்துக்குள் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். ஒருவருக்கு 15 நிமிடம், நான்கு மேசை என்றால் மணிக்கு 16 பேர், ஐந்து மணி நேரத்தில் 80. இரண்டு நாளாகப் பிரியுங்கள். வயதுச் சான்றை வரிசையிலேயே பாருங்கள், 18 ஆகாதவர்கள் அங்கேயே தெரிந்துவிடும்.

செல்வி_பேரோல்
ஒன்று சேர்க்கிறேன். டிரைவில் "மாதம் 21,000 வரும்" என்று ஓ.டி.யையும் சேர்த்து வாயால் சொல்லிவிடுவார்கள். ஓ.டி. இல்லாத மாதம் 18,200 மட்டும் வரும்போது அதே ஆள் புகாரோடு நிற்பார். ஆஃபர் தாளில் படிகளைத் தனித்தனியாகப் பெயரோடு போடுங்கள். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் உள்ள தொடர்பை நீங்களே எடுத்துச் சொன்னால் அவர்கள் கவனிப்பார்கள்.

சட்டப்புலி
வாடகைப் படி பற்றி இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தொகுப்பு வந்ததால் தொழிலாளிக்கு ஓ.டி. குறையும் என்று எந்த இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்வார்?

மலர்_எச்ஆர்
முடிந்தது. 5,200 என்ன படி என்று கேட்டேன். 3,200 வாடகைப் படி, 2,000 ஸ்பெஷல் அலவன்ஸ் என்றார்கள். 15,000-க்குக் கணக்கு போடச் சொன்னார்கள், போட்டேன். முடிவு அடுத்த வாரம்.

தறிநாடா
15,000-க்கு மணிக்கு 72 ரூபாய் 11 பைசா சொச்சம், இரட்டிப்பாக 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3,461.50. அதைத்தானே சொன்னீர்கள்?