கேன்டிலீவர் சோதனை: 83 + 83 = 166 வரவில்லை, 124தான் வருகிறது. அவசரம்

ராத்திரி_ரெக்கார்டு
நாளை மறுநாள் ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும். சூப்பர்பொசிஷன் சரிபார்க்கும் சோதனை. முதல் எடைக்கு 83 மி.மீ. இறங்குகிறது, இரண்டாவது எடைக்கும் அதே 83. இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டால் 166 வர வேண்டும், 124 வருகிறது. மூன்று தடவை செய்துவிட்டேன். எங்கே தப்பு?

செங்கல்சூளை
என்ன பட்டை? நீளம், அகலம், தடிமன்? எடை எவ்வளவு? இரண்டும் நுனியிலேயே தொங்கினவா, ஒன்று நடுவிலா? 83 என்பது எங்கிருந்து அளந்தது? எதுவுமே சொல்லவில்லையே.

சுழிப்புள்ளி
சூப்பர்பொசிஷன் இரண்டாம் ஆண்டுப் பாடம். பொருள் ஈல்டு ஆகாதவரை அது தவறாது. 42 மி.மீ. காணாமல் போகிறது என்றால் அளந்தவர் கைதான் காரணம். கிளாம்பை இறுக்கிவிட்டு ஒழுங்காக அளந்துவிட்டு வாருங்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இங்கே பத்துத் தடவை பதில் சொல்லியாகிவிட்டது.

ராத்திரி_ரெக்கார்டு
மன்னிக்கவும். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல். கிளாம்புக்கு வெளியே 250 மி.மீ., அகலம் 25, தடிமன் 0.5. எடை ஒவ்வொன்றும் 100 கிராம், இரண்டும் நுனியில் ஒரே நூலில். எடை இல்லாமல் நுனி நிற்கும் இடத்தை 0 என்று வைத்தேன்.

ஈயக்குண்டு
எனக்குப் புரிந்துவிட்டது, ஸ்கேல் ஈல்டு ஆகிவிட்டது. 200 கிராம் 1.96 N. அதை 250ஆல் பெருக்கினால் 490 N·mm. செக்ஷன் மாடுலஸ் 1.04. ஸ்ட்ரெஸ் 470 MPa. சாதாரண ஸ்டீல் 250இலேயே ஈல்டு ஆகும். ஈல்டு ஆனால் E நிலையாக இருக்காது, அப்புறம் கூட்டல் எப்படிச் சரியாக வரும்?

மழைக்கணக்கு
ஈயக்குண்டு, கணக்கு சரிதான், முடிவு எதிர்ப்பக்கம் போகிறது. ஈல்டு ஆன பட்டை இளகிப்போகும். அப்போது இரண்டு எடையும் சேர்ந்தால் 166ஐ விட அதிகமாக இறங்க வேண்டும். இங்கே குறைவாக இறங்கியிருக்கிறது, அதாவது பட்டை போகப்போக விறைத்திருக்கிறது. கூட்டியதை விட அதிகமா, குறைவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதோடு ஸ்கேல் சாதாரண மைல்டு ஸ்டீல் இல்லை. ஸ்பிரிங் மாதிரி கடினமாக்கிய தகடு, 470ஐத் தாங்கும். ராத்திரி_ரெக்கார்டு, எடைகளை எடுத்ததும் நுனி பழைய 0க்கே வருகிறதா? வந்தால் ஈல்டு இல்லை.

நீங்கள் பார்த்தது பெரிய வளைவின் வேலை. PL³/3EI என்ற சூத்திரம், எடை கிளாம்பிலிருந்து எப்போதும் 250 மி.மீ. தள்ளியே தொங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்கேலின் நீளமோ மாறாது. அதனால் நுனி கீழே போகும்போது உள்பக்கமும் வந்துதான் ஆக வேண்டும். 100 கிராமுக்கு நூல் சுமார் 20 மி.மீ. கிளாம்பை நோக்கி நகரும், 200க்குச் சுமார் 50. இரண்டாவது 100 கிராமுக்குக் கிடைப்பது நேரான ஸ்கேல் இல்லை. ஏற்கெனவே வளைந்து கை குட்டையாகிப்போன ஸ்கேல். அதோடு நுனிப்பகுதி சரிந்து நிற்பதால், அது மேலும் வளையும்போது அந்த அசைவில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது. அதனால்தான் அதே 100 கிராம் இந்தத் தடவை குறைவாக இறக்குகிறது.

பெரிய வளைவுக்கான கேன்டிலீவர் தீர்வை 1945இலேயே பிஷப், டிரக்கர் இருவரும் வெளியிட்டிருக்கிறார்கள். PL²/EI மதிப்பு 1 என்றால் நுனி இறக்கம் நீளத்தில் 0.302, சூத்திரம் 0.333 என்று சொல்லும். மதிப்பு 2 என்றால் 0.493, சூத்திரப்படி 0.667. உங்கள் 200 கிராமுக்கு அந்த மதிப்பு 2.35. சொந்த எடையில் ஸ்கேல் முதலிலேயே 9 மி.மீ. தொங்கியிருக்கும், அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். 100க்கு 83 வருகிறது, 200க்கு 128. உங்கள் 124க்குப் பக்கத்தில்தான்.

சுழிப்புள்ளி
நான் சொன்ன விதி மாறவில்லை. ஸ்ட்ரெஸ் எலாஸ்டிக் எல்லைக்குள் இருந்தால் சூப்பர்பொசிஷன் செல்லும்.

மழைக்கணக்கு
அது பாதி நிபந்தனை. மீதிப் பாதி, வளைந்த பிறகும் வடிவம் கிட்டத்தட்ட பழையபடியே இருக்க வேண்டும் என்பது. இந்த ஸ்கேல் முழுக்க எலாஸ்டிக்தான், ஆனாலும் கூட்டல் பொய்க்கிறது. கை நடுங்கினால் மூன்று தடவையும் 124 வராது. பையன் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

தளத்து_ஆள்
தம்பி, இதே சிக்கல் எனக்கு ஆர்.சி.சி. பீமில் வந்தது. 5 மீட்டர் ஸ்பான், 230க்கு 450. ஸ்லாப் லோடுக்கு 1.5 மி.மீ., மேலே கட்டும் அரைக்கல் சுவருக்கு இன்னொரு 1.5, மொத்தம் 3 என்று கணக்குப் போட்டிருந்தோம். சுவர் ஏறிச் சில வாரம் கழித்து நூல் பிடித்தால் 6க்கு மேல். சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் வேறு. அதுவும் பெரிய வளைவா?

மழைக்கணக்கு
இல்லை சார். 5 மீட்டரில் 6 மி.மீ. என்பது வடிவத்தை மாற்றாது. உங்களுக்கு வந்தது அதிகமாகத்தானே, திசையே வேறு. தனித்தனியாக எந்த லோடுக்கும் பீமின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்காது. இரண்டும் சேர்ந்தபோது விரிசல் விடும் மொமென்ட்டைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு முழு I உங்களுக்குக் கிடையாது. IS 456 பின்னிணைப்பு C-யில் குறைந்த I-க்குத் தனிச் சூத்திரம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். மொத்த லோடையும் ஒன்றாக வைத்து ஒரே தடவை கணக்குப் போட வேண்டும், பிரித்துப் போட்டுக் கூட்டக் கூடாது.

செங்கல்சூளை
சில வாரம் என்கிறாரே, அதில் க்ரீப் எவ்வளவு, விரிசல் எவ்வளவு? எல்லாவற்றையும் விரிசல் தலையில் போட முடியாது. பலகை எத்தனையாவது நாள் பிரித்தீர்கள்?

தளத்து_ஆள்
பதினாலாவது நாள். சுவரை இடித்துவிட்டு அளந்தால் பழைய 1.5க்குத் திரும்புமா?

மழைக்கணக்கு
திரும்பாது. விரிந்த பீம் விரிந்ததுதான். அதே ஸ்லாப் லோடுக்கு இனி 1.5க்கு மேல் இறங்கியே நிற்கும். எந்த லோடு முதலில் ஏறியது என்பதும் அங்கே கணக்கில் வந்துவிடுகிறது. ஸ்கேலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எந்த எடையை முதலில் மாட்டினாலும் முடிவு ஒன்றுதான்.

சுழிப்புள்ளி
விரிசலைப் பொருளின் குணம் என்று சொல்வதே தப்பு. கான்கிரீட் இன்னும் லீனியர்தான், செக்ஷன்தான் சிறுத்தது.

செங்கல்சூளை
கான்கிரீட் இழுவையில் உடைவது பொருளின் குணம் இல்லாமல் வேறு யாருடைய குணம்?

சுழிப்புள்ளி
அழுத்தப் பக்கத்து கான்கிரீட்டில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் நேர்கோட்டில்தான் இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன். பெயர் வைப்பதில் கவனம் வேண்டும்.

ஈயக்குண்டு
ஸ்கேலுக்குத் திரும்புவோமா? ரெக்கார்டில் அவர் என்ன எழுதுவது?

மழைக்கணக்கு
124ஐ அடிக்காமல் அப்படியே எழுதட்டும். கூடவே 10 கிராம் எடைகளை வைத்து இன்னொரு வரிசை எடுக்கட்டும். மொத்த இறக்கம் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 25 மி.மீ.க்குள் இருந்தால் சூத்திரம் 1 சதவீதம் அளவுக்குத்தான் விலகும். ஸ்கேலில் வாசிக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

ராத்திரி_ரெக்கார்டு
10 கிராமுக்கு 9.5. இரண்டும் சேர்த்து 19. எடைகளை எடுத்ததும் 0க்கே வந்தது. 200 கிராமில் நூல் 53 மி.மீ. உள்ளே வந்திருந்தது. இரண்டு வரிசையையும் எழுதிவிட்டேன், ரொம்ப நன்றி.

மழைக்கணக்கு
நல்லது. ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. என் கணக்கில் 128, உங்களுக்கு 124. ஸ்கேல் தடிமன் 0.5 என்பது மைக்ரோமீட்டரில் அளந்ததா, மேலே அச்சிட்டிருந்ததா? I-இல் தடிமன் மூன்று மடிப் பெருக்கத்தில் வருகிறது, 0.52 இருந்தாலே விறைப்பு 12 சதவீதம் கூடும். ஆனால் அப்படிக் கூடினால் 100 கிராமுக்கும் 83 வந்திருக்கக் கூடாது, அதுதான் இடிக்கிறது.

செங்கல்சூளை
200 கிராமில் நூல் ஸ்கேலின் விளிம்பில் வழுக்கி நகர்ந்திருக்குமோ? அந்தச் சரிவில் முடிச்சு நிற்காது. டேப் ஒட்டியிருந்தாரா என்று தெரிய வேண்டும்.