நடுவர்கள் பேசித் தீர்த்ததை அட்டவணையாக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை

அட்டவணைக்காரன்

போன மாதம் ஒரு ஹேக்கத்தான் முடிந்த மறுநாள் என் தலையில் விழுந்த வேலை இது. இறுதிச்சுற்றில் ஐந்து அணிகள், நடுவர்கள் மூன்று பேர். மதிப்பீடு முழுக்க இணையவழிக் கூட்டத்தில் நடந்தது. பதிவு இரண்டு மணி பத்து நிமிடம். மதிப்பெண் தாளை ஒருவரும் நிரப்பவில்லை. "எல்லாம் வாயாலயே சொல்லிட்டாங்க, ரெக்கார்டிங்ல இருக்கு, கேட்டு ஒரு டேபிள் போட்டுடுங்க" என்றார் அமைப்பாளர்.

புதுமை, தொழில்நுட்பம், பயன், விளக்கம் என நான்கு தலைப்பு, தலைப்புக்குப் பத்து, மொத்தம் நாற்பது. ஒருமுறை கேட்டபடியே நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் எழுபத்தைந்து நிமிடம் அணிகள் காட்டியதும் கேள்வி பதிலும். ஒவ்வொரு அணி முடிந்ததும் நடுவர்கள் எண்களைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன். மீதி நேரம் நடுவர்கள் தங்களுக்குள் பேசியது. "இனி அரட்டைதான்" என்று வேகத்தைக் கூட்டி ஓட்டினேன். அங்கேதான் சறுக்கினேன்.

1:24-ல் முதல் நடுவர் சொல்கிறார்: "அந்த ட்ரோன் பசங்களுக்கு டெக்னிக்கல்ல ஏழு சொன்னேன்ல, எட்டாக்கிடுங்க." ட்ரோன் என்ற பெயரில் அணியே இல்லை. இரண்டாவது அணி வயலுக்கு மருந்து தெளிக்க ட்ரோன் வைத்திருந்தது. நான்காவது அணி ட்ரோன் படங்களிலிருந்து வெள்ள வரைபடம் போட்டது. யாருக்கு எட்டு? முதலில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். தொழில்நுட்பத்தில் இரண்டாவது அணிக்கு அவர் ஏற்கெனவே எட்டு கொடுத்திருந்தார். ஏழு நான்காவது அணிக்குத்தான். ஆக, அவர்களின் 29 முப்பதானது. பேச்சு முழுவதையும் மறுபடி மெதுவாகக் கேட்டேன். இப்படித் திருத்திய இடங்கள் மொத்தம் மூன்று இருந்தன.

இன்னொரு கூத்து. கூட்டச் செயலி தானாகவே தட்டித் தந்த எழுத்துப்படியில் ஓர் இடத்தில் "விளக்கத்துக்கு 78" என்று இருந்தது. பத்துக்கு எழுபத்தெட்டா என்று ஒலியைப் போட்டுக் கேட்டால், "ஏழெட்டு குடுக்கலாம்" என்கிறார் இரண்டாம் நடுவர். நாம் ஏழெட்டு என்றால் ஏழோ எட்டோ என்று அர்த்தம், அது செயலிக்கு எப்படித் தெரியும்? நடுவில் 7.5 போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் ஏழரையை நானே இழுத்துவிட்டுக்கொள்வானேன் என்று அந்தக் கட்டத்தில் "7 அல்லது 8, கேட்க வேண்டும்" என்று எழுதி அவருக்கே செய்தி அனுப்பினேன். "எட்டு" என்று பதில் வந்தது.

கடைசியில் நின்ற கணக்கு இது:

| அணி | நடுவர் 1 | நடுவர் 2 | நடுவர் 3 |
|---|---|---|---|
| முதல் | 33 | 31 | |
| இரண்டாம் | 34 | 32 | 24 |
| மூன்றாம் | 29 | 30 | 21 |
| நான்காம் | 30 | 31 | 26 |
| ஐந்தாம் | 27 | 28 | 19 |

மூன்றாம் நடுவர் தாமதமாக வந்தார், முதல் அணியைப் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தக் கட்டம் காலி. நான் முதலில் போட்ட சூத்திரம் மேலே இருப்பது, திருத்தியது கீழே இருப்பது:

```
=SUM(B2:D2)/3
=AVERAGE(B2:D2)
```

முதலாவதில் காலிக் கட்டம் பூஜ்யம் போலவே ஆகி, முதல் அணி 21.3 என்று கடைசி இடத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது காலியை விட்டுவிட்டு இருப்பதை மட்டும் சராசரி எடுக்கும். அதில் முதல் அணிக்கு 32, இரண்டாம் அணிக்கு 30. நல்லவேளை, ஒரு நல்ல அணியைக் கவிழ்க்கப் பார்த்தோமே என்று நிம்மதியாக அமைப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய நடுவர்

தம்பி, அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்கள். காலியைப் பூஜ்யமாக எடுத்தது தப்பு, சரி. காலியை அப்படியே விட்டதும் தப்புதான், இந்த முறை அணிக்குச் சாதகமான தப்பு.

மூன்றாம் நடுவரின் வரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 24, 21, 26, 19. அதே நான்கு அணிகளுக்கு மற்ற இருவரும் தந்ததில் 27-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. மனிதர் கையை இறுக்கிப் போடுகிறவர். அவரிடம் மாட்டாத ஒரே அணி முதல் அணி. அதனால்தான் அதன் சராசரி மேலே நிற்கிறது.

இருவர் மட்டும் ஐந்து அணிகளையும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எண்களை மட்டும் கூட்டுங்கள். முதல் அணி 64, இரண்டாம் அணி 66. உங்கள் அட்டவணையில் முதலிடம் மாறிப்போயிருக்கிறது.

நான் நடுவராக இருந்த ஓர் இடத்திலும் இதே கதை. ஒருவர் தன் மாணவர்கள் இருந்த அணிக்கு மதிப்பெண் போட மாட்டேன் என்று விலகினார், நேர்மையான காரியம். அவரும் கண்டிப்பானவர் என்பதால் அந்த மாணவர்களுக்கே அது லாபமாக முடிந்தது. பரிசு கொடுத்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

சூத்திரப்பிரியை

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு நடுவரின் எண்களிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிடுங்கள். கண்டிப்பானவர், தாராளமானவர் என்ற பேச்சே இருக்காது. நான் எல்லாப் போட்டிக்கும் இதைத்தான் செய்கிறேன்.

பழைய நடுவர்

அம்மா, கழிப்பது வரை உங்களோடு வருகிறேன். வகுக்கும் இடத்தில் நிற்கிறேன். மூன்றாம் நடுவருக்கு மேலும் கீழும் இடைவெளி ஏழு, முதல் நடுவருக்கும் ஏழு. இரண்டாம் நடுவர் 28-லிருந்து 32-க்குள் எல்லாரையும் அடக்கிவிட்டார், நான்குதான் இடைவெளி. திட்ட விலக்கத்தால் வகுத்தால் அவருடைய ஒரு மதிப்பெண் வித்தியாசம் மற்றவர்களின் கிட்டத்தட்ட இரண்டு மதிப்பெண் அளவுக்கு ஊதிவிடும். அவர் "எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று நினைத்திருக்கலாம். அந்தக் கருத்தை நாம் அழித்துவிடுகிறோம். அதுவும் நான்கைந்து அணியை வைத்துக்கொண்டு ஒருவரின் விலக்கத்தை அளப்பது நம்பிக்கையானதில்லை. ஐம்பது அணி என்றால் நானே அதைச் செய்யச் சொல்வேன்.

கழிப்பதை மட்டும் செய்து பாருங்கள். பொதுவான நான்கு அணிகளில் முதல் இருவரின் சராசரி முப்பதை ஒட்டி இருக்கிறது, மூன்றாமவருடையது 22.5. சுமார் ஏழரை குறைவு. (அட்டவணைக்காரர் பயந்த ஏழரை வந்தேவிட்டது.) முதல் அணிக்கு அவர் 24 அல்லது 25 போட்டிருப்பார் என்று வைத்தால் சராசரி 29.5 பக்கம் நிற்கும். இரண்டாம் அணி 30, நான்காம் அணி 29. இதிலும் முதல் அணி இரண்டாம் இடம்தான். ஆனால் இந்த ஊகத்தை மதிப்பெண் கட்டத்துக்குள் எழுதாதீர்கள். அவர் சொல்லாத எண் அது.

சூத்திரப்பிரியை

இரண்டாம் நடுவர் அப்படித்தான் நினைத்தார் என்பதும் ஊகம்தானே? அணிகளைப் பிரித்துக்காட்டத் தெரியாதவராகவும் இருக்கலாம். வகுப்பதை நான் இன்னும் விடவில்லை.

தோற்ற அணிக்காரன்

எங்களுக்கும் மதிப்பெண் குறைந்துதான் போனது. வெற்றி பெற எந்தத் தலைப்பில் அதிகம் கவனம் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். எங்களுக்கு வந்த அட்டவணையில் கருத்துப் பகுதியில் "அதிகப் பயனர்களைத் தாங்காது" என்று ஒரே வரி. ஆனால் அன்று நடுவர் அப்படிச் சொல்லவே இல்லை. "ஒரே நேரத்துல ஆயிரம் பேர் வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். நாங்கள் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவோம் என்று விளக்கினோம், அவர் தலையாட்டினார். இதற்கு யாரிடம் முறையிடுவது?

அட்டவணைக்காரன்

நண்பரே, ஜெயிப்பது எப்படி என்பது நான் கேட்டதில்லை. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது, உடனே என் கருத்துப் பகுதியைத் திறந்தேன்.

நான்காம் அணிக்கு நான் எழுதியிருந்தது "தரவு போதாது, நடுவர் 2." பதிவில் 0:52-ல் அவர் கேட்டது, "எத்தனை படம் வச்சுப் பயிற்சி குடுத்தீங்க?" அணி எண்ணைச் சொன்னது. அவர் "சரி" என்றார், அவ்வளவுதான். கேள்வியைக் குறையாக்கியது நான். எண்கள் என்றால் இரண்டு முறை சரிபார்க்கிறோம், கருத்து என்றால் கேட்ட நினைவில் எழுதிவிடுகிறோம்.

இப்போது ஒவ்வொரு கருத்தோடும் நேரக்குறிப்பு போடுகிறேன். அவர் சொன்ன வாக்கியமானால் மேற்கோளுக்குள் அப்படியே. கேள்வியானால் "கேட்டார்" என்று எழுதி அணியின் பதிலையும் பக்கத்திலேயே வைக்கிறேன். அட்டவணை அகலமாகிவிட்டது, பார்க்க அழகாக இல்லை. பரவாயில்லை.

ஓரமாக நிற்பவள்

குறுக்கே ஒன்று கேட்கிறேன். நடுவர்கள் கதவடைத்துப் பேசிய பகுதியையும் அணிகளுக்கு அனுப்புவீர்களா? எங்கள் நிகழ்ச்சியில் "அந்தப் பையன் ரொம்ப அலட்டிக்கிறான்" என்று ஒரு நடுவர் சொன்னதை, பெயரோடு, நேரக்குறிப்போடு எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். நேரக்குறிப்பு சரியாகத்தான் இருந்தது.

பழைய நடுவர்

இரண்டு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பாளருக்கு முழுசும். அணிக்கு அவர்கள் முன்னால் சொன்னதும், நடுவர் ஒப்புக்கொண்டதும் மட்டும். நான் பேசியது வெளியே போகும் என்று தெரிந்திருந்தால் பாதி பேசியிருக்க மாட்டேன்.

அட்டவணைக்காரன்

சரி. நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பிய அட்டவணையைத் திரும்பப் பெற்று, முதல் அணியின் காலிக் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, இருவர் கூட்டிய தனி வரிசை ஒன்றைச் சேர்த்து, எந்தக் கணக்கில் யார் முதல் என்று கீழே இரண்டு வரி போட்டு அனுப்பினேன். மூன்றாம் நடுவர் முதல் அணியின் பதிவைப் பார்த்து இப்போது மதிப்பெண் தருகிறேன் என்கிறார். மற்றவர்கள் போட்டது அவருக்குத் தெரியும், கேள்வி கேட்கவும் முடியாது. அவர் தரும் எண்ணை ஏற்கலாமா என்று அமைப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று நாள் ஆகிறது, பதில் இல்லை.

சூத்திரப்பிரியை

பார்த்துவிட்டு 24 போட்டால் பழைய நடுவருக்கு என் வணக்கம். 30 போட்டால் என் சூத்திரத்தை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.