ஆயுள் சந்தாவாக வந்த 12 லட்சத்தை ஒரே ஆண்டின் வருமானமாகக் காட்டலாமா?

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

தென் மாவட்டம் ஒன்றில், சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சிறிய இறகுப்பந்து மன்றம் எங்களுடையது. ஆண்டுச் சந்தா 3,000 ரூபாய், ஆயுள் சந்தா 30,000 ரூபாய். உள்ளரங்குக்கு மரத்தளம் போடப் பணம் தேவைப்பட்டதால் 2024 அக்டோபர் தொடக்கத்தில் ஆயுள் உறுப்பினர் சேர்க்கை நடத்தினோம். 40 பேர் சேர்ந்தார்கள். 12 லட்சம் வந்தது, தளமும் போட்டாகிவிட்டது.

இப்போது 2024-25 கணக்கை முடிக்கிறேன். 120 பேரின் ஆண்டுச் சந்தா 3,60,000, பயிற்சி வகுப்பும் விருந்தினர் கட்டணமும் சேர்ந்து 90,000. தேய்மானம் உட்பட நடப்புச் செலவு 5,60,000. ஆயுள் சந்தாவை முழுதாக வருமானத்தில் சேர்த்தால் 10,90,000 ரூபாய் உபரி. அதைப் பார்த்த செயற்குழுவினர், "இவ்வளவு மிச்சம் இருக்கிறதே, ஆண்டுச் சந்தாவை 2,000 ஆகக் குறைக்கலாமே" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். கையில் அவ்வளவு பணம் கிடையாது என்று சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இந்தத் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை ஆண்டுகள், எப்படிப் பதிவது? 2021 ஏப்ரலில் 30 பேரிடம் ஆளுக்கு 20,000 வீதம் வாங்கிய 6 லட்சத்தை அப்போதிருந்தவர் ஒரே ஆண்டில் வருமானமாகக் காட்டியிருக்கிறார். அதை என்ன செய்வது?

மேல்நிலை வணிகவியல் ஆசிரியை

இதில் குழப்பமே இல்லை ஐயா. ஆயுள் சந்தா முதலின வரவு. வருவாய் செலவினக் கணக்குக்கே அது வரக்கூடாது. இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில் முதல் நிதியோடு கூட்டிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இதைத் தூக்கத்தில்கூடச் சரியாகப் போடுவார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பிரித்துக் காட்ட எளிய வழி இருக்கிறது. 12 லட்சத்தைப் பத்து ஆண்டு வைப்புத்தொகையில் போட்டு ஆண்டுதோறும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

பணம் தளத்துக்குப் போய்விட்டது ஐயா. வைப்பில் போட எதுவும் மிச்சமில்லை. நான் கேட்பது கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதைத்தான்.

கோவைத் தணிக்கையாளர்

வங்கி அலுவலர் ஐயா சொல்வது பணத்தைப் பாதுகாக்கும் வழி. வருமானத்தைப் பிரிப்பது வேறு வேலை. பணம் பெட்டியில் இருந்தாலும் தளமாக மாறியிருந்தாலும், அந்த 40 பேரை இனி ஆண்டுதோறும் இலவசமாக ஆடவிட வேண்டிய கடமை மன்றத்தின் தலையில் இருக்கிறது. அந்தக் கடமைதான் பொறுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். ஆயுள் உறுப்பினர்கள் வேறு ஏதாவது கட்டுகிறார்களா? கணக்கியல் தரம் 9 இதில்தான் கோடு போடுகிறது. உறுப்பினர் என்ற பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மற்றச் சேவைகளுக்குத் தனியாகக் காசு வாங்கினாலோ, தனியே ஆண்டுச் சந்தா இருந்தாலோ, கட்டணத்தை வந்தபோதே வருமானமாக எடுக்கலாம். கட்டணத்துக்குள்ளேயே சேவை அடங்கியிருந்தால், அந்தச் சேவை நடக்கும் காலத்துக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். உங்கள் துணைவிதிகளில் ஆயுள் சந்தாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

ஆண்டுச் சந்தா கிடையாது, ஆடுகளக் கட்டணமும் கிடையாது. பந்து மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். துணைவிதியில் "ஆயுள் சந்தா பொதுக்குழு தீர்மானிக்கும் தொகை" என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை.

கோவைத் தணிக்கையாளர்

அப்படியானால் பிரிக்க வேண்டியதுதான். "ஆயுள் சந்தா மூலதன நிதியாகும், அதன் வட்டியை மட்டுமே செலவிடலாம்" என்று துணைவிதி சொல்லியிருந்தால் ஆசிரியை அம்மா சொன்ன வழியே போதும். அப்படிச் சொல்லாத இடத்தில் முழுதையும் முதல் நிதியில் போட்டால் என்ன ஆகும்? 70 ஆயுள் உறுப்பினர்கள் தினமும் ஆடுவார்கள், விளக்கு எரியும், தளம் தேயும். செலவெல்லாம் கணக்கில் வரும், அவர்கள் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட எந்த ஆண்டின் வருமானத்திலும் வராது. மன்றம் என்றென்றும் பற்றாக்குறையில் ஓடுவதுபோல் தெரியும்.

எத்தனை ஆண்டுகள் என்பதுதான் கடினம். 30,000-ஐ 3,000-ஆல் வகுத்துப் பத்து என்று எடுக்கத் தோன்றும். பல மன்றங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பத்து நீங்கள் வைத்த விலையிலிருந்து வருகிறது. உறுப்பினர் எத்தனை ஆண்டு ஆட வருவார் என்பதை அது சொல்லாது. பழைய பதிவேட்டை எடுத்து, முன்பு ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தவர்களில் யார் எத்தனை ஆண்டு வந்தார்கள் என்று பாருங்கள்.

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

பதிவேட்டைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் வலியால் நிறுத்தியவர்கள் நிறைய. சராசரியாகச் சுமார் 15 ஆண்டுகள் என்று சொல்லலாம்.

கோவைத் தணிக்கையாளர்

15-ஐ வைத்துக்கொள்வோம். புதிய 40 பேரின் 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 80,000. அக்டோபரில் சேர்ந்ததால் இந்த ஆண்டுக்கு அரை ஆண்டு, 40,000. மீதி 11,60,000 பொறுப்பு.

பழைய 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 40,000. 2024 மார்ச் வரை மூன்று ஆண்டுகளுக்கு 1,20,000 தான் வருமானமாகியிருக்க வேண்டும். ஆகவே 4,80,000 திரும்பப் பொறுப்புக்கு வர வேண்டும். அதிலிருந்து இந்த ஆண்டுக்கு 40,000 எடுத்தால் மீதி 4,40,000. இரண்டும் சேர்ந்து ஆண்டு முடிவில் 16,00,000.

```
பணம் வந்த நாள்
  வங்கி க/கு                            பற்று  12,00,000
  முன்கூட்டிப் பெற்ற ஆயுள் சந்தா க/கு   வரவு   12,00,000

31-03-2025 (புதியது 40,000 + பழையது 40,000)
  முன்கூட்டிப் பெற்ற ஆயுள் சந்தா க/கு   பற்று     80,000
  ஆயுள் சந்தா வருமானம் க/கு             வரவு      80,000
```

பழைய 4,80,000-க்குத் தனிப் பதிவு வேண்டும். முந்தைய ஆண்டுக்கான திருத்தம் என்று வருவாய் செலவினக் கணக்கில் தனி வரியாகக் காட்டி, கீழே விளக்கக் குறிப்பு எழுதுங்கள். நடப்புச் செலவோடு கலந்துவிடாதீர்கள். டாலியில் இந்தப் பேரேட்டை `Current Liabilities` தொகுப்பின்கீழ் திறக்கலாம். இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் அடுத்த ஆண்டு வருமானமாகப் போகும் 1,20,000-ஐயும் மீதி 14,80,000-ஐயும் பிரித்துக் காட்டுங்கள்.

மதுரைச் சங்கச் செயலாளர்

உறுப்பினர் இறந்துவிட்டால் அவர் கணக்கில் இருக்கும் மீதியை அந்த ஆண்டே வருமானமாக எடுத்துவிட வேண்டும் அல்லவா? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கோவைத் தணிக்கையாளர்

ஆளுக்கு ஆள் தனி வயது, தனிக் காலம் என்று கணக்கு வைத்திருந்தால் எடுக்கலாம். ஆனால் 15 என்ற சராசரிக்குள் சீக்கிரம் போகிறவர்களும் இருக்கிறார்கள், இருபத்தைந்து ஆண்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் போனவரின் மீதியை உடனே எடுத்துக்கொண்டு, நீண்ட காலம் ஆடுகிறவரின் பணத்தையும் 15-ஆம் ஆண்டிலேயே முடித்தால், மொத்தத்தில் வருமானம் வேகமாக வெளியே வந்துவிடும். சேர்ந்த ஆண்டுவாரியாக ஒரே தொகுப்பாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு இறப்புக்கும் கை வைக்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்து, மாற்றம் இருந்தால் மீதித் தொகையை மீதிக் காலத்துக்குப் பிரித்தால் போதும்.

சிற்றிதழ் நடத்தியவன்

நாங்கள் ஆயுள் சந்தா வாங்கினோம். அது யாருடைய ஆயுள், வாசகருடையதா இதழுடையதா என்று யாரும் கேட்கவில்லை. வந்த பணமெல்லாம் காகிதத்துக்கும் தபால்தலைக்கும் போயிற்று, இதழ் முந்திக்கொண்டது. நின்றுபோன இதழின் மீதிச் சந்தாவை இப்போது வருமானமாக எடுக்கலாமா?

கோவைத் தணிக்கையாளர்

உங்கள் வாக்குறுதியில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. திருப்பித் தர வேண்டியதில்லை என்பது உறுதியாகும் வரை அது கடன்தான். தனி இழை தொடங்குங்கள், இங்கே இரண்டும் கலந்துவிடும்.

மதுரைச் சங்கச் செயலாளர்

கணக்கில் பிரித்தாலும் வருமானவரிக்காரர்கள் 12 லட்சத்துக்கும் இந்த ஆண்டே கேட்பார்களே?

கோவைத் தணிக்கையாளர்

உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்கே செலவிடும் பணம் என்றால் பரஸ்பரத் தன்மை என்ற கோட்பாடு துணை நிற்கும். பாங்கிபூர் கிளப் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வங்கி வட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் சொல்லிவிட்டது. அறக்கட்டளையாக வரிவிலக்குப் பதிவு வைத்திருக்கும் சங்கங்களுக்குக் கதை வேறு. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் வரியைப் பிரிக்க முடியாது, பணம் வந்தபோதே முழுத் தொகைக்கும் கணக்கிட வேண்டும். வரி போக மீதியைத்தான் 15 ஆண்டுக்குப் பிரிப்பீர்கள்.

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

ஜி.எஸ்.டி. பதிவு எங்களுக்கு இல்லை. புதிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருமானம் 4,50,000, அதோடு 80,000. செலவு 5,60,000. பழைய திருத்தத்தைச் சேர்க்காமலே 30,000 பற்றாக்குறை. தலைவரிடம் காட்டினேன், முகம் மாறிவிட்டது.

கோவைத் தணிக்கையாளர்

அந்த 40 பேரும் புதிதாக வந்தவர்களா, ஏற்கெனவே ஆண்டுச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களா?

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

எல்லோரும் பழைய ஆண்டு உறுப்பினர்கள்தான். முன்பு 160 பேர் கட்டினார்கள்.

கோவைத் தணிக்கையாளர்

அப்படியானால் அந்த 40 பேரிடமிருந்து ஆண்டுக்கு 1,20,000 வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது 80,000. ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 தந்தவரை 2,000-க்கு மாற்றியிருக்கிறீர்கள். பணத்தை வைப்பில் போட்டிருந்தால் வட்டி அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும். தளமாக மாறியதால் வட்டியும் இல்லை. முழுதையும் ஒரே ஆண்டில் வருமானமாகக் காட்டியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆண்டுச் சந்தாவைக் குறைக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, அடுத்த ஆயுள் சேர்க்கைக்கு என்ன விலை என்று செயற்குழு உட்கார்ந்து யோசிக்கட்டும்.

மேல்நிலை வணிகவியல் ஆசிரியை

துணைவிதி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 15 என்பதை நாளைக்கு வேறொரு பொருளாளர் 8 என்று மாற்றினால் உபரி தானாக வந்துவிடுமே. முதல் நிதியில் போட்டால் அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

கோவைத் தணிக்கையாளர்

அந்த ஆபத்து உண்மைதான் அம்மா. காலத்தையும் அதற்கான காரணத்தையும் பொதுக்குழுத் தீர்மானமாகப் பதிந்து, கணக்கின் குறிப்பிலும் எழுதச் சொல்வேன். மாற்றினால் எல்லோருக்கும் தெரியும்.

இறகுப்பந்து மன்றப் பொருளாளர்

எங்கள் தணிக்கையாளர் பிரித்துக் காட்ட ஒப்புக்கொண்டார். ஆனால் பழைய 4,80,000-ஐ வருவாய் செலவினக் கணக்கில் காட்டாமல் நேரே பொது நிதியிலிருந்து கழிக்கச் சொல்கிறார். நீங்கள் தனி வரி என்றீர்கள். பொதுக்குழு அடுத்த மாதம்.

கோவைத் தணிக்கையாளர்

என் பார்வையில் தனி வரிதான் சரி. அவர் கையெழுத்திடப் போகிறவர், ஏன் நேரே கழிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிக் காட்டினாலும் 31-03-2025 அன்று பொறுப்புப் பக்கத்தில் 16 லட்சம் நிற்க வேண்டும்.