உதவி: மருந்து பாட்டில் மூடி கடகடன்னு சுத்துது, திறக்கல. சீல் உடைஞ்சதா?

குளச்சல்_தாய்: பிள்ளைக்கு காய்ச்சல். மைனி ஊருக்கு வந்தப்போ கொண்டுவந்த சிரப் இருக்கு. மூடியைத் திருகினா கடகடன்னு சத்தம் போட்டு சும்மாவே சுத்துது. நம்ம கடை பாட்டில்ல இருக்க வளையமும் இல்ல. யாரோ திறந்ததா? போட்டோ போட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

மார்த்தாண்டம்_ரவி: போட்டோவில மூடிக்க மேல்பக்கம் மட்டும்தான் தெரியுது. என்ன மருந்து? எந்த நாட்டுல வாங்கினது? பிள்ளைக்கு எத்தனை வயசு?

சுசீந்திரம்_பாபு: வளையம் இல்லன்னா திறந்ததுதான், தூரப் போடுங்க. நம்ம கடையில வாங்குற அலுமினிய மூடியைத் திருகினா கீழ உள்ள வளையம் பிரிஞ்சு பாட்டில் கழுத்திலேயே நிக்கும். அது அறுபடாம இருந்தாத்தான் புது மருந்து.

தக்கலை_மருந்தாளுநர்: பாபு சொன்னது நம்ம ஊர் பாட்டிலுக்குச் சரி, இதுக்கு அப்படியே பொருந்தாது. சும்மா சுத்துறது பழுது இல்ல, பிள்ளைங்க திறக்கக் கூடாதுன்னு செய்த மூடி அது. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு மூடி. வெறுமனே திருகினா வெளி மூடி மட்டும் வழுக்கும். கீழே அமுக்கினாத்தான் ரெண்டும் பல்லு பிடிச்சுச் சேர்ந்து சுத்தும். இது தினமும் பூட்டுற பூட்டு. பாட்டிலை யாரும் திறக்கலன்னு காட்டுற சீல் வேற. இந்த மாதிரி பாட்டில் பலதுல அது மூடிக்குள்ள, வாயில ஒட்டின தகடா இருக்கும்.

நாகர்கோவில்_பெரியவர்: மூடியில அமுக்கித் திருகுன்னு இங்கிலீஷில பொறிச்சிருக்கும். அதைக்கூட வாசிக்காம இழை போடுறதா? 12 வருசமா இங்க இருக்கேன், வாரம் ஒருத்தராவது இதையே கேக்கியோ.

மார்த்தாண்டம்_ரவி: காய்ச்சல் பிள்ளையை மடியில வச்சுட்டு கேக்குறவங்களை ஏசாதீங்க அண்ணே.

குளச்சல்_தாய்: 3 வயசு. பாராசிட்டமால். அமெரிக்காவில வாங்கினது. அமுக்கித் திறந்தேன். உள்ள தகடு இருக்கு.

தக்கலை_மருந்தாளுநர்: தகட்டை உரிக்காதீங்க, மருந்தும் கொடுக்காதீங்க. பாட்டிலை மேசையில நிறுத்தி, கேமராவைக் கழுத்துக்கு நேரா வையுங்க. ஃபிளாஷ் வேண்டாம், தகடு மினுங்கி ஒண்ணும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில விழட்டும். பாட்டிலைக் கால் கால் சுத்தாத் திருப்பி நாலு படம், மேலிருந்து தகடு ஒண்ணு, மூடிக்குள்பக்கம் ஒண்ணு. லேபிளும் பெட்டியும் சேர்த்து ஒண்ணு, பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் ரெண்டிலயும் ஒத்துப்போகணும்.

கருங்கல்_ஜோஸ்: எனக்க அம்மைக்கு மாத்திரை அட்டை வாங்கினப்போ ஒரு குழி அமுங்கி இருந்துது. அதையும் மாத்தணுமா?

தக்கலை_மருந்தாளுநர்: பின்பக்கத் தகடு கிழியாம இருந்து, மாத்திரையும் உடையாம இருந்தா அழுத்தம் பட்டதா இருக்கலாம். ஓட்டை இருந்தா அந்த மாத்திரை வேண்டாம். இந்த இழையில பாட்டிலைப் பார்ப்போம்.

சுசீந்திரம்_பாபு: இந்த மூடி தேவையே இல்ல. எனக்க பாட்டியால திறக்க முடியாம, மூடாமலேயே வச்சுடுவா.

மார்த்தாண்டம்_ரவி: அதுக்காக மூடியைக் குறை சொல்றதா? அமெரிக்காவில 1970ல சட்டம் போட்டது பிள்ளைங்க மருந்தைக் குடிச்சுச் செத்ததாலதான்.

சுசீந்திரம்_பாபு: பாட்டி வீட்டுக்குப் பேரப்பிள்ளையும் வரும்லா? திறந்தே கிடந்தா என்ன பிரயோஜனம்?

தக்கலை_மருந்தாளுநர்: ரெண்டு பேரும் சொல்றது நியாயம்தான். இந்த மூடி பிள்ளையைத் தாமதப்படுத்தும், முழுசாத் தடுக்காது. அமெரிக்கச் சோதனையிலேயே 10 நிமிசத்துல 100 பிள்ளைங்கள்ல 80 பேரால திறக்க முடியாம இருந்தாப் போதும். மூடி இருந்தாலும் உயரத்துல வைக்கணும்.

குளச்சல்_தாய்: படம் போட்டாச்சு.

தக்கலை_மருந்தாளுநர்: பார்த்தேன். மேலிருந்து எடுத்த படத்துல தகடு வாய் விளிம்போட சமமா, முரசுத் தோல் மாதிரி இழுத்து ஒட்டியிருக்கணும். உங்களுக்கதுல ஒரு பக்கம் சுருங்கித் தூக்கி நிக்குது. பாட்டில் கழுத்து மரையில சக்கரைப் பாகு காய்ஞ்ச மாதிரி வெள்ளைப் படலமும் இருக்கு. திறக்காத பாட்டில்ல மருந்து மரை வரைக்கும் வந்திருக்காது. இதைக் கொடுக்காதீங்க.

மார்த்தாண்டம்_ரவி: பிளேன் பெட்டியில அழுத்தம் மாறிக் கசிஞ்சதா இருக்கும்லா? மைனி திறந்திருக்க மாட்டாவ.

தக்கலை_மருந்தாளுநர்: இருக்கலாம். படத்தை வச்சு அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எப்படியானாலும் அடைப்பு போயிட்டு. இன்னொண்ணு: இங்க கடையில புது பாட்டில் வாங்கினா அமெரிக்கப் பெட்டியில போட்ட அளவைப் பார்த்துக் கொடுக்காதீங்க. அங்க 5 மில்லியில 160 மில்லிகிராம். இங்க 120, 125, 250ன்னு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பிள்ளைக்க எடையைச் சொல்லி மருந்தாளுநர்கிட்ட கேளுங்க.

நாகர்கோவில்_பெரியவர்: மூடி பற்றி நான் சொன்னது சரிதான். தகட்டை நான் யோசிக்கல. காய்ச்சல் எவ்வளவு?

குளச்சல்_தாய்: புதுசு வாங்கியாச்சு, வளையம் அறாம இருந்துது. காய்ச்சல் 102. டாக்டர்கிட்ட போறோம்.