கலைச்சொல் தேவை: விலை இருமடங்காகும் காலம்

மாலதி:
பணவீக்கம் பற்றிய பாடத்துக்குச் சொல் திரட்டுகிறேன். விலை ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் ஏறினால், 70-ஐ அந்த விகிதத்தால் வகுக்க, இருமடங்காக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்துவிடும். 2 விழுக்காடு என்றால் 35 ஆண்டு; 5 என்றால் 14. கணக்குக்கு ‘எழுபது விதி’, விடைக்கு ‘இரட்டிப்பாண்டு’ என்று வைக்கலாமா?

செல்வம்:
இரட்டிப்பாண்டு நன்றாக இருக்கிறது. ஆனால் 14 எப்படி வரும்? ஆண்டுக்கு 5 ஏறினால் 100 ஏற 20 ஆண்டு ஆகுமே.

அரங்கநாதன்:
செல்வம், முதல் விலையின்மேல் மட்டும் ஏறினால் நீங்கள் சொல்வது சரி. இங்கே ஏறிய விலையின்மேல் மறுபடி ஏறுகிறது. 100 அடுத்த ஆண்டு 105, அப்புறம் 110.25. பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 163, பதினான்கில் 198. இருபது ஆண்டு காத்திருந்தால் 265 ஆகிவிடும். 70 வந்ததும் இதிலிருந்துதான்: 2-இன் இயல் மடக்கை 0.693, நூறால் பெருக்கினால் 69.3, வகுக்கத் தோதாக 70.

இரட்டிப்பாண்டு வேண்டாம் அம்மா. மாதத்துக்கு 10 விழுக்காடு ஏறினால் விடை 7 மாதம். பெயரிலேயே ஆண்டு இருந்தால் மாணவர் 7 ஆண்டு என்று எழுதிவிட்டுப் போவார். ‘இரட்டிப்புக் காலம்’ என்றால் எந்த அலகுக்கும் பொருந்தும்.

காதர்:
சொல் இருக்கட்டும். என் வைப்புத்தொகைக்கு வட்டி 5, விலையேற்றம் 7. என் பணம் எப்போது இரட்டிப்பாகும்?

அரங்கநாதன்:
எண்ணளவில் 14 ஆண்டில் ஆகும். ஆனால் விலை 10 ஆண்டிலேயே இரட்டித்துவிடும். வாங்கும் திறன் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேய்கிறது. பாதியாக 35 ஆண்டுக்குமேல், சரியாகப் போட்டால் ஏறத்தாழ 37 ஆண்டு ஆகும்.

செல்வம்:
அதற்கு ‘பாதிப்புக் காலம்’ என்று வைத்துவிடலாம், இரண்டு பொருளிலும் சரி!

மாலதி:
வேண்டாம் ஐயா, இயற்பியலில் அரைவாழ்வு இருக்கிறது. ‘விதி’ பற்றி யாரும் சொல்லவில்லையே?

அரங்கநாதன்:
எனக்கு அதுதான் உறுத்துகிறது. 10 விழுக்காடு வரை பிழை சிறியது. 20-இல் கணக்கு 3.5 ஆண்டு என்கும், உண்மையில் 3.8. 50-இல் 1.4, உண்மையில் 1.7. 100 விழுக்காடு ஏறினால் ஓராண்டில் இருமடங்கு என்பது வெளிப்படை; இதுவோ 0.7 என்கிறது. இப்படித் தவறுவதை விதி என்பதா? ‘எழுபது மதிப்பீடு’ என்பேன்.

செல்வம்:
8 விழுக்காட்டுக்கு 72 தான் பொருத்தம், சரியாக 9 ஆண்டு. அப்படியானால் பெயரில் எழுபதும் நிற்காதே?

மாலதி:
இரட்டிப்புக் காலம் என்பதை எடுத்துக்கொள்கிறேன். 20, 50 கணக்குகளையும் பாடத்தில் சேர்க்கிறேன். விதியா மதிப்பீடா என்பதை இன்னும் இரண்டு பேர் சொல்லட்டும். அதுவரை வரைவில் ‘எழுபது விதி’ என்றே இருக்கும்.